படகில் நடந்தால் படகு எவ்வளவு நகரும்?

காற்றில்லாத காலை. ஏரியில் ஓட்டம் இல்லை. ஒரு சின்ன மரப்படகு மூக்கைப் படித்துறைப் பக்கம் வைத்துக்கொண்டு, கட்டாமல் மிதக்கிறது. மூக்குக்கும் கடைசிப் படிக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. பின்பலகையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, இறங்குவதற்காக முன்பக்கம் நடந்து வருகிறார். வந்து சேர்ந்து பார்த்தால் எட்டி வைக்கக்கூடிய தூரத்தில் இருந்த படி இப்போது எட்டாத தூரத்தில் இருக்கிறது. அவர் நடந்தபோதே படகு பின்னால் நழுவிவிட்டது. துறையில் படகு விடுகிறவர்கள் முதலில் கயிற்றைக் கல்லில் சுற்று, இல்லையென்றால் தூணைப் பிடி, அப்புறம் எழுந்திரு என்று சொல்வது இதற்காகத்தான்.

எவ்வளவு நழுவும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நடந்தவரின் நிறை 60 கிலோ, படகு 120 கிலோ, படகுக்குள் அவர் நடந்த தூரம் 4.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அவர் கால் பலகையைப் பின்னால் தள்ளுகிறது. பலகை அதே அளவு விசையோடு அவரை முன்னால் தள்ளுகிறது. இரண்டு தள்ளுதலும் ஒரே அளவு, ஒரே நேரம். ஆனால் படகு அவரைவிட இரண்டு மடங்கு கனம் என்பதால், அதே தள்ளுதலுக்கு அது பாதி வேகம்தான் எடுக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு நடப்பவர் நொடிக்கு ஒரு மீட்டர் முன்னால் போனால், படகு நொடிக்கு அரை மீட்டர் பின்னால் போகும். நடையின் எந்தக் கணத்தை எடுத்துப் பார்த்தாலும் இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் மாறாது. வேகத்தில் மாறாத விகிதம் தூரத்திலும் மாறாது. ஆகவே 4.5 மீட்டரை இருவரும் இரண்டுக்கு ஒன்று என்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். மனிதர் கரையை நோக்கி 3 மீட்டர் வந்திருக்கிறார், படகு 1.5 மீட்டர் விலகியிருக்கிறது. படிக்கும் மூக்குக்கும் இருந்த ஒரு மீட்டர் இடைவெளி இப்போது இரண்டரை மீட்டர்.

இதையே ஒரு வரியில் எழுதினால், ஆளின் நிறையைப் படகும் ஆளும் சேர்ந்த நிறையால் வகுத்து, படகுக்குள் நடந்த தூரத்தால் பெருக்க வேண்டும். 60-ஐ 180-ஆல் வகுத்து 4.5-ஆல் பெருக்கினால் 1.5.

இங்கேதான் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். 60 கிலோ ஆள் 4.5 மீட்டர் நகர்ந்தார், ஆகவே 120 கிலோ படகு 2.25 மீட்டர் நகர வேண்டும் என்று எழுதிவிடுவார்கள். பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 4.5 மீட்டர் படகின் பலகையில் அளந்த தூரம். பலகையே பின்னால் போய்க்கொண்டிருந்ததால் தண்ணீரைப் பொறுத்து அவர் அவ்வளவு வரவில்லை. இது தவறு என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. ஆளும் படகும் ஒரே நிறை என்று வைத்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். படகு 4.5 மீட்டர் பின்னால் போகும், அதன்மேல் ஆள் 4.5 மீட்டர் முன்னால் நடந்திருப்பார். அப்படியானால் கரையிலிருந்து பார்க்க ஆள் அசையாமல் நிற்க, படகு மட்டும் ஓடியிருக்கும். ஒருவரை ஒருவர் சம விசையோடு தள்ளிய இரண்டு சம நிறைகளில் ஒன்று மட்டும் நகர்வது நடக்காத காரியம்.

வேகமாக நடந்தால் படகு அதிகம் நகருமா என்பது அடுத்து எழும் கேள்வி. நகராது. ஓடினாலும், தவழ்ந்தாலும், பாதி வழியில் நின்று துடுப்பை எடுத்து வைத்துவிட்டுத் தொடர்ந்தாலும் கடைசியில் அதே 1.5 மீட்டர்தான். அவர் நிற்கும்போது படகும் நிற்கும், திரும்பி நடந்தால் படகும் திரும்பும். இதற்குக் காரணம் ஆளும் படகும் சேர்ந்த அமைப்பின் நிறை மையம். காவடித் தண்டின் இரு முனையிலும் கனத்த குடமும் லேசான குடமும் தொங்கினால், தோள் கனத்த குடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படித் தோள் வைக்க வேண்டிய இடம்தான் நிறை மையம். ஆளும் படகும் தங்களுக்குள் என்ன தள்ளுமுள்ளு நடத்தினாலும் அந்த இடம் நகராது, வெளியிலிருந்து ஏதாவது தள்ளினால்தான் நகரும். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிபியாவில், இயக்க விதிகளை அடுத்து வரும் துணைமுடிவுகளில் நான்காவது இதைத்தான் சொல்கிறது.

நிறை மையத்தைப் பிடித்துக்கொண்டால் இன்னும் சில கணக்குகள் எளிதாகும். அதே படகில் 70 கிலோ, 50 கிலோ என்று இருவர் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்து இடம் மாறிக்கொள்கிறார்கள். இருவர் நடையும் எதிரெதிர், ஆகவே 20 கிலோ வித்தியாசம் மட்டும் மூன்று மீட்டர் நடந்ததற்குச் சமம். மொத்த நிறை 240 கிலோ. படகு நகர்வது 25 சென்டிமீட்டர், கனமானவர் போன திசைக்கு எதிராக. இருவரும் ஒரே நிறையாக இருந்தால் இடம் மாறி முடிந்தபின் படகு பழைய இடத்திலேயே நிற்கும். பத்தாயிரம் டன் கப்பலில் ஒருவர் நூறு மீட்டர் நடந்தாலும் கப்பல் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தராசு இல்லாமல் படகை எடை போட முடிவது. படகின் பக்கத்தில் ஏரியின் அடிமண்ணில் ஒரு மூங்கில் கழியை ஊன்றுங்கள். கழிக்கு நேராகப் படகின் விளிம்பில் சாக்கட்டியால் ஒரு கோடு. நிறை தெரிந்த ஒருவர் முனைக்கு முனை நடந்து நின்றதும், கழிக்கு நேராக இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் படகு நகர்ந்த தூரம். நம் கணக்கில் அது 1.5 மீட்டர். நடந்த 4.5-லிருந்து அதைக் கழித்தால் ஆள் நகர்ந்த 3 மீட்டர். 60-ஐ மூன்றால் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் படகின் நிறை, 120 கிலோ. கோடு போடுகிறவர் கரையிலோ ஆழமில்லாத தண்ணீரிலோ நிற்க வேண்டும், படகில் இருக்கக் கூடாது. படகின் அடி சேற்றைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, கட்டிய கயிறு எங்காவது இழுத்தாலோ கணக்கு கெட்டுவிடும். படகு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக நகர்ந்து நிறை மிக அதிகம் என்று வந்தால், முதலில் கயிற்றையும் சேற்றையும் பாருங்கள்.

எதுவும் தொடாமலிருந்தாலும் விடை கொஞ்சம் கூடத்தான் வரும். படகு நகர, அதன் முன்னால் உள்ள தண்ணீர் விலக வேண்டும், பின்னால் தண்ணீர் வந்து நிரம்ப வேண்டும். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் நடப்பவரின் கால் தள்ளுகிறது. ஒல்லியான நீளப் படகு நீளவாக்கில் நகரும்போது இந்தக் கூடுதல் சில சதவீதம்தான். அதே படகு பக்கவாட்டில் நகர வேண்டுமென்றால் மிக அதிகமான தண்ணீரை நகர்த்தியாக வேண்டும். அதனால் குறுக்கே நடந்து சோதித்தால் விடை சரியாக வராது, படகு சாய்வதுதான் மிச்சம்.

இதுவரை தண்ணீரின் தடையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்ததும் விஷயம் எதிர்பாராத இடத்துக்குப் போகிறது. தடை இருந்தால் படகு 1.5 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும், அவ்வளவுதான் என்று தோன்றும். நடை முடிகிற கணம் வரை அது சரி. ஆனால் படகு பின்னால் நழுவிய நேரம் முழுவதும் தண்ணீர் அதை முன்னால், கரைப்பக்கம், லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. இது வெளியிலிருந்து வந்த விசை. ஆகவே ஆள் நடையை நிறுத்தும்போது படகு முழுதாக நிற்காது. ஆளையும் சுமந்துகொண்டு கரையை நோக்கி மெல்ல நகர ஆரம்பிக்கும்.

எவ்வளவு மெல்ல? படகு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் தண்ணீர் 3.6 நியூட்டன் விசையோடு எதிர்க்கிறது, வேகம் பாதியானால் எதிர்ப்பும் பாதி என்று வைப்போம். 3.6 நியூட்டன் என்பது சுமார் 370 கிராம் பொருள் கையில் அழுத்தும் அளவு. அப்போது நடை முடிந்ததும் படகும் ஆளும் சேர்ந்து ஏறக்குறைய நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் கரைப்பக்கம் கிளம்புவார்கள். இந்த வேகத்தையும் தண்ணீர் தின்கிறது. சுமார் 35 நொடிக்கு ஒருமுறை அது பாதியாகும். முதல் 35 நொடியில் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர், அடுத்த 35 நொடியில் அதில் பாதி, பிறகு அதிலும் பாதி. எல்லாவற்றையும் கூட்டினால் படகு எவ்வளவு விலகியதோ அவ்வளவும் திரும்பி வந்துவிடுகிறது.

தடையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். கிளம்பும் வேகம் இரு மடங்கு, ஆனால் அது பாதியாகும் நேரமும் பாதியாகிவிடும். போகும் தூரம் மாறாது. தடையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் அப்படித்தான், நேரம் மட்டும் நிமிடக்கணக்கில் நீளும். காரணம் எளிது. ஆரம்பத்திலும் முடிவிலும் எல்லாம் ஓய்வில் இருக்கிறது, ஆகவே தண்ணீர் கொடுத்த தள்ளுதல்களின் கூட்டுத்தொகை சுழியாக வேண்டும். தடை வேகத்துக்கு நேர்விகிதம் என்றால் அந்தக் கூட்டுத்தொகை படகு கடைசியில் விலகி நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. ஆகவே அந்தத் தூரமும் சுழி. தடையே இல்லாவிட்டால் 1.5 மீட்டர் தள்ளிப்போய் நிற்கும் படகு, துளி தடை இருந்தாலும் போதிய நேரம் கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். எல்லாமே ஆளைச் சுமந்தபடி நடப்பதால், கடைசியில் அவர் கரையை நோக்கி முழு 4.5 மீட்டரும் வந்திருப்பார்.

தண்டவாளத்தில் நிற்கும் தள்ளுவண்டியில் இதை எதிர்பார்க்க முடியாது. அங்கே உராய்வு ஒரு அளவுக்குக் கீழான வேகத்தை உடனே பிடித்து நிறுத்திவிடும். மிதக்கும் படகைத் தண்ணீர் அப்படிப் பிடிப்பதில்லை, எவ்வளவு சின்ன விசைக்கும் அது இணங்கும்.

ஏரியில் இதை ஏன் யாரும் பார்ப்பதில்லை என்றால், அந்த இணக்கமே காற்றுக்கும் பொருந்தும் என்பதால்தான். நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் நகர்வை முகத்தில் தெரியாத இளங்காற்றுகூட மறைத்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. நடக்கும்போது படகு நொடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடுகிறது. அந்த வேகத்தில் தடை வேகத்தைவிடச் செங்குத்தாக ஏறும், ஏறக்குறைய வேகத்தின் வர்க்கமாக. திரும்பி ஊரும்போது அவ்வளவு தடை கிடையாது. அதனால் கரைப்பக்கம் கிடைத்த தள்ளுதல் நம் எளிய கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும், படகு கிளம்பிய இடத்தைத் தாண்டியும் கரைப்பக்கம் வரக்கூடும். கழிக்கும் சாக்கட்டிக்கும் வேலை நடை முடிந்த அடுத்த கணத்தில்தான். இரண்டாவது கோட்டை அப்போதே போட்டால் படகின் நிறை கிடைக்கும். இரண்டு நிமிடம் தாமதித்தால் இரண்டு கோடுகளும் நெருங்கி வந்திருக்கும், படகின் நிறை பல மடங்கு அதிகம் என்று கணக்கு சொல்லும்.