மூன்று ஆண்டு என்றார்கள், கணக்கு ஏழில் நின்றது

பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலை. 30,000 கதிர்கள், மூன்று ஷிப்ட், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஓய்வு. ஆலைகளுக்குச் செலவுக் கணக்கு பார்ப்பது என் தொழில் என்பதால், அதன் உரிமையாளர் ஒரு கொட்டேஷனை என் முன்னால் வைத்தார். கூரையில் ஒரு மெகாவாட் சோலார், மொத்தச் செலவு 4 கோடி ரூபாய்.

“மூணே வருசத்துல போட்ட காசு திரும்பிருமுன்னு சொல்றாங்க. நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க” என்றார்.

போட்ட காசு திரும்ப எத்தனை ஆண்டு ஆகும் என்பதைத்தான் பேபேக் என்கிறார்கள். முதலீட்டை ஆண்டு மிச்சத்தால் வகுத்தால் வந்துவிடும். கொட்டேஷனில் ஆண்டுக்கு 15 லட்சம் யூனிட், யூனிட்டுக்கு 9 ரூபாய் மிச்சம், ஆக 1 கோடியே 35 லட்சம் என்று போட்டிருந்தது. 4 கோடியை அதால் வகுத்தால் மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. வகுத்ததில் பிழை இல்லை. வகுக்க எடுத்துக்கொண்ட எண்கள்தான் தவறு.

அந்த 9 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். மாத மின் கட்டணம் மொத்தத்தையும் யூனிட்டால் வகுத்திருக்கிறார்கள். உயரழுத்த இணைப்புள்ள ஆலையின் பில்லில் யூனிட் கட்டணம் ஏழரை ரூபாயை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் டிமாண்ட் சார்ஜ், கே.வி.ஏ.வுக்கு மாதம் 600 ரூபாயை ஒட்டி வரும். நெரிசல் நேரத்துக்கான கூடுதல் கட்டணமும் உண்டு. சோலார் இவற்றில் எதைக் குறைக்கும்? டிமாண்ட் என்பது மாதத்தில் ஆலை எடுத்த உச்ச சுமையைப் பொறுத்தது. சூரியன் மறைந்த பிறகும் அதே கதிர்கள் அதே வேகத்தில் சுழல்கின்றன, உச்ச சுமை இரவில் அப்படியே நிற்கிறது, டிமாண்ட் சார்ஜில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மாலை நெரிசல் நேரத்தில் பேனல் தூங்கிக்கொண்டிருக்கும். ஆக, மிச்சம் என்று சொல்லத்தக்கது யூனிட் கட்டணம் ஏழரை ரூபாய்தான். சோலார் யூனிட்டின் மீது நெட்வொர்க் சார்ஜ் வகையில் ஒரு ரூபாய் போகும் என்று வைத்தேன். கையில் நிற்பது 6 ரூபாய் 50 காசு.

அடுத்தது யூனிட். நம் பகுதியில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 14 லட்சத்துச் சொச்சம். ஏற்கெனவே பேனல் போட்ட இன்னொரு நூற்பாலையின் கூரைக்கு ஏறிப் பார்த்தேன். ஆலைக்குள்ளிருந்து வெளியேற்றும் காற்றோடு வரும் பஞ்சுத் தூசி, இரவுப் பனியில் நனைந்து, காலை வெயிலில் காய்ந்து, கண்ணாடி மேல் மெல்லிய கம்பளி போல ஒட்டியிருந்தது. அந்த ஆலையின் எலக்ட்ரீஷியன் ஒரு வரிசையை மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு கீழே வந்து இன்வர்ட்டர் திரையில் கழுவிய வரிசையின் ஆம்பியரையும் கழுவாத வரிசையின் ஆம்பியரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. வாரம் ஒரு முறையாவது கழுவாத நூற்பாலைக் கூரையில் கொட்டேஷன் யூனிட் வராது. அதனால் 14 லட்சம் யூனிட் என்று எடுத்துக்கொண்டு, கழுவும் கூலி, காப்பீடு, பராமரிப்புக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ஒதுக்கினேன்.

14 லட்சத்தை 6.50 ஆல் பெருக்கினால் 91 லட்சம். 6 லட்சம் போக, நிகர மிச்சம் 85 லட்சம். 4 கோடியை 85 லட்சத்தால் வகுத்தால் 4.7 ஆண்டு. மூன்று ஆண்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகிவிட்டது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. இந்தக் கணக்கு, ஐந்தாம் ஆண்டு வரும் 85 லட்சத்தையும் அடுத்த ஆண்டு வரும் 85 லட்சத்தையும் ஒரே தராசில் வைக்கிறது. வட்டிக்கு விட்டவருக்கும் வாங்கியவருக்கும் அது சரியில்லை என்று தெரியும். 11 சதவீத வட்டியில் இன்றைய 100 ரூபாய் அடுத்த ஆண்டு 111 ஆகும். அப்படியானால் அடுத்த ஆண்டு வரப்போகும் 111 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 100 தான். இப்படி ஒவ்வோர் ஆண்டின் மிச்சத்தையும் இன்றைய மதிப்புக்கு இறக்கி, பிறகு கூட்டிக்கொண்டே போய், போட்ட பணத்தை எப்போது தொடுகிறது என்று பார்ப்பதுதான் டிஸ்கவுண்டட் பேபேக்.

முதல் ஆண்டின் 85 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 76.6 லட்சம். ஐந்தாம் ஆண்டின் 85 லட்சம் 50.4 லட்சமாகச் சுருங்குகிறது. ஏழாம் ஆண்டில் அது 40.9 தான். ஐந்து ஆண்டு முடிவில் கூட்டுத்தொகை 3 கோடியே 14 லட்சம், ஆறில் 3 கோடியே 60 லட்சம், ஏழு முடியும்போதுதான் 4 கோடி நிறைகிறது. பேனலின் திறன் ஆண்டுக்கு 0.7 சதவீதம் தேய்வதைச் சேர்த்தால் இன்னும் இரண்டு மூன்று மாதம் தள்ளும். மின் கட்டணம் ஏறினால் அதே அளவு முன்னுக்கு வரலாம். நம்பி எழுத முடியாத ஏற்றத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எந்த வட்டியை வைப்பது என்பதில்தான் விவாதம் வரும். வங்கி 9 சதவீதத்தில் தருகிறது என்று அதையே போட்டால் 6.4 ஆண்டு. அதே 4 கோடியில் புது ஆட்டோகோனர் வாங்கினால் 18 சதவீதம் வரும் என்று உரிமையாளர் நம்பினால் 18 ஐத்தான் வைக்க வேண்டும், அப்போது 11 ஆண்டைத் தாண்டிவிடும். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் இன்வர்ட்டரை மாற்ற வேண்டி வரும் என்பதால் அந்தச் செலவும் அப்போது கணக்குக்குள் வந்து உட்காரும்.

இந்த ஆலைக்கு இன்னொரு விஷயம் இருந்தது. உரிமையாளருக்குச் சொந்தக் காற்றாலைகள் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை காற்று அடிக்கும் மாதங்களில் பகலிலும் ஒரு பகுதி மின்சாரம் அங்கிருந்து வந்துவிடும். அந்த நேரத்துச் சோலார் யூனிட், வாரியத்தின் விலை உயர்ந்த யூனிட்டுக்குப் பதிலாக வருவதில்லை. தன் காற்றாலை யூனிட்டைத்தான் இடம் பெயர்க்கிறது. மிஞ்சும் காற்றாலை யூனிட்டுக்குக் கிடைப்பது குறைந்த விலை. 14 லட்சத்தில் 4 லட்சம் யூனிட்டுக்கு 6.50 க்குப் பதில் 3 ரூபாய் என்று வைத்தேன். ஆண்டு மிச்சம் 85 இல் இருந்து 71 லட்சமாக இறங்கியது.

சாதாரண பேபேக் 4.7 இல் இருந்து 5.6 ஆண்டானது, 11 மாத வித்தியாசம். 11 சதவீத டிஸ்கவுண்டட் பேபேக்கோ ஏழில் இருந்து 9.3 க்குப் போனது, இரண்டேகால் ஆண்டுக்கும் மேல். பற்றாக்குறையை ஈடுகட்ட வேண்டிய ஆண்டுகள் எல்லாம் தூரத்தில், ரூபாய் இளைத்துப்போன இடத்தில் இருப்பதுதான் காரணம். சாதாரணக் கணக்கு இந்த வலியைக் காட்டாது. ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது: மீட்புக்குப் பிறகான ஆண்டுகளை இரண்டுமே பார்ப்பதில்லை. பேனல் 25 ஆண்டு உழைக்கும் என்பதற்கு இவற்றில் இடமில்லை. அதற்கு நிகர இன்றைய மதிப்பைத் தனியே போட வேண்டும்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்ததும் உரிமையாளர் சிறிது நேரம் பேசவில்லை. “அப்ப காத்து மாசத்துல வீணாகாத அளவுக்கு மட்டும் போட்டா எப்படிங்க?” என்றார். கடந்த மூன்று ஆண்டுகளின் மணிவாரி மின் பதிவை எடுத்துப் பார்த்தோம். காற்றாலை மின்சாரம் போக, பகலில் வாரியத்திடம் வாங்கும் சுமை காற்று மாதங்களில் 600 கிலோவாட்டுக்குக் கீழே அநேகமாக இறங்கவில்லை. இப்போது 600 கிலோவாட்டுக்குப் புதிய கொட்டேஷன் கேட்டிருக்கிறார். அதில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் வரும், குறைந்தால் ஒப்பந்ததாரர் ஈடு கட்ட வேண்டும் என்ற வரி இருக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.