கசிவது ஓரிடம், சொட்டுவது வேறிடம்

சென்னை மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடி வீட்டுக் கழிவறையில் ஹெல்த் ஃபாசெட்டின் கைப்பிடியும் ஓஸும் சேரும் நட்டில் ஒரு துளி உருண்டு திரண்டு விழும்; அடுத்த துளி அதே இடத்தில் திரளும். இரவு பத்து மணிக்கு அந்த வீட்டுப் பெண்மணி கீழே ஒரு மக்கை வைத்தார். காலை ஆறு மணிக்கு அதில் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். அதைவிட அவரை வாட்டியது, எப்போதும் ஈரமாக, வழுக்கலாகக் கிடந்த தரை.

அவர் நட்டை இறுக்கிப் பார்த்தார். கடையில் புது வாஷர் வாங்கி மாற்றினார். மரைமீது டெஃப்லான் டேப்பையும் சுற்றினார். சொட்டு நிற்கவில்லை. கடைசியில் வந்த பிளம்பர் கையில் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. துணியால் எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்தார். டிஷ்யூ பேப்பரைக் கிழித்து விசைக்குக் கீழே ஒரு சுற்று, நட்டில் ஒரு சுற்று, சுவரோரம் ஆங்கிள் காக்கில் ஒரு சுற்று என்று மூன்று இடத்தில் கட்டிவிட்டுக் காத்திருந்தார். ஐந்து நிமிடத்தில் முதலில் நனைந்தது விசைக்குக் கீழே இருந்த தாள்.

“நட்டுல ஒண்ணுமில்லக்கா. தண்ணி மேலேருந்து இறங்குது.”

“போன வாரம்தானே தம்பி வாஷர் மாத்தினேன்!”

“மாத்தினது நல்ல வாஷர்தான். ஆனா கசியறது அங்க இல்ல.”

ஹெல்த் ஃபாசெட் கசிவில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். கொக்கியில் மாட்டும்போது அதன் தலை மேலேயும் கைப்பிடி கீழேயும் இருக்கிறது. விசையோரம் கசியும் நீர் கைப்பிடியைத் தொட்டபடியே வழிந்து, நட்டின் விளிம்புக்கு வந்ததும் துளியாகத் திரள்கிறது. கண் பார்ப்பது நட்டை. கை போவதும் நட்டுக்கே. தாள் இல்லாவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஃபாசெட்டைத் துடைத்து, தலை கீழே இருக்கும்படி ஒரு வாளிக்குள் சிறிது நேரம் தொங்கவிட வேண்டும். நட்டு காய்ந்தே இருந்து வாளியில் துளி விழுந்தால், கசிவு விசையிலோ தலையிலோதான்.

உண்மையிலேயே நட்டில் கசிவு என்றால் வேலை எளிது. முதலில் ஆங்கிள் காக்கை மூட வேண்டும். பிறகு விசையை அழுத்தி ஓஸில் தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். இதை மறந்தால் நட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். கழிவறைக் கோப்பையின் மூடியையும் மூடிவிடுவது நல்லது, விழுந்த வாஷரை உள்ளே தேட வேண்டியிராது. நட்டைக் கழற்றியதும் உள்ளே தட்டையான கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். விரலால் அழுத்தினால் மெத்தென்று இல்லாமல் கல்போல இருந்தாலோ, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தாலோ அதன் காலம் முடிந்தது.

அந்தப் பழைய வளையத்தையே கடைக்கு எடுத்துச் செல்வது சிறந்த அளவுகோல். பெரும்பாலான ஓஸ்களின் நட்டு அரை இஞ்சு மரைதான், ஆனாலும் வாஷரின் கனமும் நடு ஓட்டையும் மாறுபடும். புதியதைப் போடும் முன் பழையதின் துணுக்கு உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழையதன் மேலேயே புதியதை வைத்தால் இரண்டும் சாய்ந்து உட்கார்ந்து மறுபடி கசியும். சுண்ணாம்புப் படிவு இருந்தால் துடைத்தெடுத்து, வாஷரைத் தட்டையாக வைத்து, நட்டைக் கையால் முடிந்தவரை திருகி, துணி சுற்றிய ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் நசுங்கி வெளியே பிதுங்கும். பிளாஸ்டிக் கைப்பிடியாக இருந்தால் மரையே விரிந்துவிடும்.

டெஃப்லான் டேப் ஏன் உதவவில்லை? ஓஸ் நட்டில் தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, அழுந்தி நிற்கும் வாஷரின் முகம். மரை நட்டைப் பிடித்திருக்க மட்டுமே. டேப்புக்கு வேலை இருப்பது ஆங்கிள் காக் சுவருக்குள் திருகப்படும் இடத்தில்.

இனி விசைக்கு வருவோம். மேடவாக்கத்து வீட்டின் சிக்கல் அங்கேதான். விசையை விட்டதும் உள்ளே ஒரு ஸ்பிரிங் சிறு தண்டைத் தள்ளி நீர்வழியை அடைக்கிறது. அடைக்கும் முனையில் ஒரு ரப்பர், தண்டைச் சுற்றி ஓர் ஓ-ரிங். விட்ட பிறகும் துளைகள் வழியே சொட்டினால் முனை ரப்பர் சரியாக உட்காரவில்லை. விசையின் இடுக்கில் கசிந்தால் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவும், தொட்டி கழுவிய மறுநாள் வரும் மணலும் இரண்டையுமே கெடுக்கும். முனையில் சிக்கியது ஒரு மணல்துகள் என்றால், கைப்பிடியைக் கழற்றி, ஓஸை வாளிக்குள் வைத்துக் காக்கை முழுதாகத் திறந்து ஓடவிட்டு, கைப்பிடியையும் நன்றாக உதறிக் கழுவினாலே சில நேரம் சரியாகும். உப்புப் படிவுக்கு வினிகரில் அரை மணி நேரம் ஊறவைக்கலாம். இரவு முழுக்க விட்டால் குரோம் பூச்சு மங்கும்.

ஒரு எச்சரிக்கை. விசை இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் பழக்கம். வாஸ்லின் தடவுவோரும் உண்டு. ஃபாசெட்டில் இரண்டும் வேண்டாம். குழாய்ச் சாமான்களில் பரவலாக உள்ள ஈபிடிஎம் ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பி மென்மையாகிவிடும். சிலிக்கான் கிரீஸ் துளியளவு போதும்.

விசைப் பகுதியில் திருகாணி தெரியும் பித்தளை மாடல் என்றால் பிரித்து ஓ-ரிங்கை மாற்றலாம். முழுதும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் மாடலைப் பிரிக்க முயன்றால் உடையும். மேடவாக்கத்தில் இருந்தது அந்த வகை. பிளம்பர் கைப்பிடியை மட்டும் புதிதாக மாற்றினார். ஓஸும் போன வாரம் போட்ட வாஷரும் அப்படியே இருந்தன.

ஓஸையே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. எஃகுச் சுருளின் நடுவில் எங்காவது நீர் அரும்பினால் உள்ளே இருக்கும் குழாய் வெடித்திருக்கிறது. அது சுருளுக்குள்ளேயே ஓடி மிகத் தாழ்ந்த வளைவில் சொட்டும், ஓட்டை அங்கே இருக்காது. சுருள் துருவேறினாலும், கைப்பிடியருகே மடிந்து நின்றாலும் வாஷர் மாற்றிப் பயனில்லை. புது ஓஸ் வாங்கும்போது பழையதன் நீளத்தை அளந்து செல்லுங்கள். ஒரு மீட்டர்தான் அதிகம் கிடைப்பது. ஒரு காந்தத்தையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுருளில் காந்தம் பலமாக ஒட்டிக்கொண்டால், அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது 304 ரக எஃகாக இருக்க வாய்ப்பு குறைவு.

காக்கைத் திறந்தே வைத்தால் மொட்டைமாடித் தொட்டியின் அழுத்தம் இரவும் பகலும் அந்த மெல்லிய உள்குழாயின் மேல் நிற்கிறது. பத்து மீட்டர் உயரத்துத் தொட்டி என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை. ஆள் இல்லாத வீட்டில் ஓஸ் வெடித்தால் தொட்டி காலியாகும்வரை நீர் நிற்காது. வீட்டைப் பூட்டி ஊருக்குப் புறப்படும்போது கேஸ் சிலிண்டரைப் பார்ப்பதுபோல அந்த ஆங்கிள் காக்கையும் ஒருமுறை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.