தரை காயவில்லை, லோடை நிறுத்துங்கள்

சிறு நகரம் ஒன்றில் சிமென்ட் கடை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதுக் குடோனுக்குத் தளம் போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. திங்கட்கிழமை 20 டன், அதாவது 400 மூட்டை வரப்போகிறது. மேலே கூரை இருக்கிறதே, இறக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

அங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது. நீராற்றி முடித்த தளத்திலிருந்தும் வாரக்கணக்கில் ஈரம் மேலேறிக்கொண்டிருக்கும். சிமென்ட் அதை உறிஞ்சி மூட்டைக்குள்ளேயே இறுகும். விரலால் நசுக்கினால் உதிராத கட்டி இருந்தால் அந்த மூட்டை கெட்டுவிட்டது. பலகை அடுக்கி, சுவரை விட்டு ஓரடி தள்ளி வைப்பது வழக்கம்தான். ஆனால் ஈரக்காற்று அடைந்து கிடக்கும் அறையில் அது மட்டும் போதாது. ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் அடியில் நீர் முத்துமுத்தாக நின்றால் லோடைத் தள்ளிப்போடத்தான் வேண்டும்.

எப்போது சொல்கிறோம் என்பதில்தான் செலவு அடங்கியிருக்கிறது. பில் போடும் முன் சொன்னால் டிப்போக்காரருக்கு அது வெறும் தேதி மாற்றம். இ-வே பில் எடுத்த பிறகும், சரக்கு கிளம்பாதிருந்தால் 24 மணி நேரத்துக்குள் அதை ரத்து செய்யலாம். லாரி புறப்பட்டுவிட்டாலோ ஹால்டிங், திரும்பும் வாடகை, மறுபடி ஏற்றுகூலி என்று எல்லாம் வாங்குபவர் தலையில் விடியும்.

போனில் பேசிய கையோடு எழுத்திலும் அனுப்புவது நல்லது: “சார், குடோன் தரை இன்னும் ஈரமாக இருக்கிறது. திங்கட்கிழமை வரவேண்டிய 400 மூட்டையை 28-ஆம் தேதி அனுப்புங்கள். பேசிய விலையே இருக்கட்டும். அதுவரை உங்கள் கிடங்கில் வைக்க வாடகை உண்டா என்று சொல்லிவிடுங்கள். சம்மதமானால் பதில் போடுங்கள்.”

அந்த 28-ஐ வேலை முடியும் நாளை வைத்துக் குறிக்கக் கூடாது, தரை காயும் நாளை வைத்துக் குறிக்க வேண்டும். ஒருமுறை தள்ளிப்போட்டால் சப்ளையர் பொறுத்துக்கொள்வார். அதே லோடுக்கு இரண்டாம் முறை கேட்டால், அடுத்த தடவை முன்பணம் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. விற்காத சரக்கு அவர் இடத்தையும் பணத்தையும் பிடித்துவைத்திருக்கிறதே!

பதிலை வாங்கி வைக்கச் சொல்வதற்குக் காரணம் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். சப்ளையர் தயாராக இருந்து எடுக்கச் சொல்லியும், நியாயமான காலத்துக்குள் வாங்குபவர் எடுக்காவிட்டால், அதனால் வரும் நஷ்டத்தையும் பாதுகாப்புச் செலவையும் அவரே தர வேண்டும் என்கிறது 44-ஆம் பிரிவு. யார் தவறால் தாமதமானதோ, அந்தத் தாமதத்தால் வந்த சேதமும் அவரைச் சேரும் என்கிறது 26-ஆம் பிரிவு. இருவரும் ஒப்புக்கொண்டு தேதியை மாற்றியிருந்தால், 28-ஆம் தேதிவரை எடுக்காததைத் தவறு என்று சொல்வது கடினம். அதற்குச் சான்று அந்த ஒரு வரிப் பதில்தான்.

இடையில் வாடிக்கையாளர் யாராவது கட்டட வேலைக்கு 50 மூட்டை கேட்டால், அதை மட்டும் டிப்போவிலிருந்து நேரே அந்த இடத்துக்கே இறக்கச் சொல்லலாம். மீதி 350 மூட்டை தேதிப்படி வந்தால் போதும்.