எண்பத்தொன்றுக்குப் பதில் ஒன்பது

ஆண்ட்ராய்டு ஃபோனில் ஓடும் ஒரு செயலி, தான் எந்தக் கருவியில் இருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் தன் திரையை வரைகிறது. திரை நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா, தொடுதிரை எந்த வகை, விசைப்பலகை உண்டா, அது மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அமெரிக்காவின் தரநிலை ஆய்வு நிறுவனமான நிஸ்ட், 2010-இல் வெளியிட்ட கையேடு ஒன்றில் இப்படிப்பட்ட 9 அமைப்புகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து மதிப்புகளை ஏற்கும். எல்லாவற்றையும் பெருக்கினால் 1,72,800 சேர்க்கைகள். ஒரு சேர்க்கையைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும் என்றாலும், இரவு பகலாக 120 நாள் உட்கார வேண்டும்.

அதே கையேடு, 29 சோதனைகளே போதும் என்கிறது. அரை மணி நேர வேலை. ஆனால் இந்தப் 'போதும்' என்பதற்கு ஒரு குறிப்பிட்ட பொருள் உண்டு. எந்த இரண்டு அமைப்புகளை எடுத்தாலும், அவற்றின் எல்லா மதிப்பு இணைகளும் அந்த 29-க்குள் ஒரு முறையாவது வந்துவிடும். இதற்குப் பெயர் இணைச் சோதனை. மென்பொருள் நிறுவனங்களில் 'பேர்வைஸ் டெஸ்டிங்' என்பார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய அளவில் ஒரு செட்டிங்ஸ் திரையைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதில் நான்கு தேர்வுகள். மொழி: தமிழ், ஆங்கிலம், அரபி. எழுத்தளவு: சிறியது, நடுத்தரம், பெரியது. தோற்றம்: வெளிச்சம், இருள், ஃபோன்வழி (ஃபோனில் எது இருக்கிறதோ அது). அறிவிப்பு: ஒலி, அதிர்வு, மௌனம். மூன்றை நான்கு முறை பெருக்கினால் 81 சேர்க்கைகள்.

பெரும்பாலான டெஸ்டர்கள் இயல்பாகச் செய்வது இதுதான். செயலி முதன்முதலில் திறக்கும்போது உள்ள நிலையை எடுத்துக்கொள்வார்கள். அது ஆங்கிலம், நடுத்தரம், வெளிச்சம், ஒலி என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு தேர்வை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். மொழியைத் தமிழாக்கிப் பார்ப்பது, பழையபடி ஆங்கிலத்துக்கு வருவது, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது என்று போகும். தொடக்க நிலை ஒன்று, மாற்றங்கள் எட்டு. மொத்தம் 9 சோதனைகள். ஒவ்வொரு மதிப்பும் ஒரு முறையாவது திரையில் வந்துவிடுவதால் மனத்துக்கும் திருப்தியாக இருக்கும்.

இணைகளை எண்ணிப் பார்த்தால் அந்தத் திருப்தி கலைந்துவிடும். நான்கு தேர்வுகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு ஜோடிகள்; ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்பது மதிப்பு இணைகள்; ஆக 54. தொடக்கச் சோதனை அவற்றில் ஆறைத் தொடுகிறது. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு மாற்றமும் புதிதாக மூன்று இணைகளைத்தான் சேர்க்கிறது. கூட்டினால் 30. மீதி 24 இணைகள் ஒரு முறைகூடச் சோதிக்கப்படவில்லை. அந்த 24-ம் எவை என்று பார்த்தால், தொடக்க நிலையில் இல்லாத இரண்டு மதிப்புகள் ஒன்றாகச் சந்திப்பவை: தமிழும் பெரிய எழுத்தும், அரபியும் இருளும் போன்றவை. ஆங்கிலச் சொல்லைவிட நீளமான தமிழ்ச் சொல், பெரிய எழுத்தில் பொத்தானுக்கு வெளியே வழிவது இங்கேதான் நடக்கும்.

அதே எண்ணிக்கையில், ஒன்பது சோதனைகளை வேறு விதமாக அடுக்கலாம்:

1. தமிழ், சிறியது, வெளிச்சம், ஒலி
2. தமிழ், நடுத்தரம், இருள், அதிர்வு
3. தமிழ், பெரியது, ஃபோன்வழி, மௌனம்
4. ஆங்கிலம், சிறியது, இருள், மௌனம்
5. ஆங்கிலம், நடுத்தரம், ஃபோன்வழி, ஒலி
6. ஆங்கிலம், பெரியது, வெளிச்சம், அதிர்வு
7. அரபி, சிறியது, ஃபோன்வழி, அதிர்வு
8. அரபி, நடுத்தரம், வெளிச்சம், மௌனம்
9. அரபி, பெரியது, இருள், ஒலி

இந்தப் பட்டியலில் எந்த இரண்டு மதிப்புகளை வேண்டுமானாலும் தேடலாம். இருளும் மௌனமும் நான்காம் வரிசையில் இருக்கின்றன. சிறியதும் அதிர்வும் ஏழாவதில். ஒரு வரிசையில் ஆறு இணைகள், ஒன்பது வரிசைகளில் 54. ஓர் இணைகூட விடுபடவில்லை, ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. ஆகவே இதைவிடக் குறைந்த வரிசைகளில் இந்த வேலையை முடிக்கவே முடியாது.

இந்த அடுக்கின் வேர், கணினிக் காலத்துக்கு முந்தைய லத்தீன் சதுரங்களில் இருக்கிறது. ஒரு சதுரக் கட்டத்தில் ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் ஒரே முறை வரும்படி அடுக்கும் லத்தீன் சதுரங்களை 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் ஆராய்ந்தார். 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் உர ஆய்வுகளைத் திட்டமிட ரொனால்ட் ஃபிஷர் அவற்றைப் பயன்படுத்தினார். 1985-இல் ராபர்ட் மாண்டல் அதே சதுரங்களைக் கொண்டு, ஏடா என்ற நிரல்மொழியின் கம்பைலரைச் சோதிக்கும் வழியை ஒரு கட்டுரையில் காட்டினார்.

இணைகளைப் பார்த்தால் மட்டும் பிழைகள் சிக்கிவிடுமா? இதற்கு விடை தேடி, நிஸ்ட் ஆய்வாளர்களான டோலரஸ் வாலஸும் ரிச்சர்ட் கூனும், மென்பொருள் கோளாறால் திரும்பப் பெறப்பட்ட மருத்துவக் கருவிகளின் 15 ஆண்டு அறிக்கைகளைப் புரட்டினார்கள். கோளாறு எந்த நிலைமைகளில் தோன்றியது என்ற விவரம் 109 அறிக்கைகளில் போதுமான அளவு இருந்தது. அவற்றில் 97 சதவீதக் கோளாறுகள் ஒரே நிலைமையாலோ, இரண்டு நிலைமைகள் சேர்ந்ததாலோ வெளிப்பட்டவை. ஆனால் எல்லா மென்பொருளும் இப்படி இல்லை. மொசில்லா பிரௌசரின் பிழைகளைப் பார்த்தபோது இணைகள் வரை பிடிபடக்கூடியவை 76 சதவீதம்; அப்பாச்சி சர்வரில் 70 சதவீதம். மீதிக்கு மூன்று, நான்கு, அரிதாக ஆறு நிலைமைகள் வரை ஒன்றுசேர வேண்டியிருந்தது.

ஒரு சோதனை தோற்றால் பட்டியலே துப்பும் தருகிறது. ஒன்பதாம் வரிசையில் பின்னால் செல்லும் அம்புக்குறி கண்ணுக்கே தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அரபி மட்டுமே காரணம் என்றால் ஏழும் எட்டும்கூடத் தோற்றிருக்க வேண்டும். இருள் மட்டுமே என்றால் இரண்டும் நான்கும் தோற்றிருக்க வேண்டும். மற்ற எட்டு வரிசைகளும் தேறிவிட்டன, எனவே இது ஏதோ ஒரு சேர்க்கையின் வேலை. இப்போது அந்த வரிசையில் ஒவ்வொரு தேர்வாக மாற்றிப் பார்க்க வேண்டும். மொழியை ஆங்கிலமாக்கினால் அம்பு தெரிகிறது. எழுத்தை நடுத்தரமாக்கினால் தெரியவில்லை. தோற்றத்தை வெளிச்சமாக்கினால் தெரிகிறது. அறிவிப்பை அதிர்வாக்கினால் தெரியவில்லை. நான்கு கூடுதல் சோதனைகளில் குற்றவாளிகள் இருவர் என்பது உறுதியாகிறது: அரபியும் இருளும். வலமிருந்து இடமாகப் படிக்கும் அரபிக்காக அம்பைத் திருப்பி வரைந்தவர்கள், அந்தப் படத்துக்கு இருளுக்கான வெள்ளை வடிவத்தைச் செய்ய மறந்திருக்கிறார்கள். கறுப்புப் பின்னணியில் கறுப்பு அம்பு.

ஐந்தாவதாக ஒரு தேர்வு வந்தால் இந்த அழகான அடுக்கு உடைகிறது. மூன்று மதிப்புள்ள தேர்வுகள் நான்கு வரைதான் ஒன்பது வரிசையில் அடங்கும். ஐந்தாகிவிட்டால் குறைந்தது 11 வேண்டும். அதற்கு மேல் கையால் போடுவது வீண் சிரமம். மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியான பிக்ட், நிஸ்டின் ஆக்ட்ஸ் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. ஃபோனின் ஆண்ட்ராய்டுப் பதிப்பையும் ஒரு தேர்வாகச் சேர்த்து, பிக்டுக்கு இப்படி ஒரு கோப்பு எழுதலாம்:

```
Language: Tamil, English, Arabic
TextSize: Small, Medium, Large
Theme: Light, Dark, System
Alert: Sound, Vibrate, Silent
Android: 9, 12, 14

IF [Android] = 9 THEN [Theme] <> "System";
```

`pict settings.txt` என்று கட்டளை கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். கடைசி வரிதான் முக்கியம். ஃபோன் முழுவதற்குமான இருள் தோற்றம் 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இல்தான் அறிமுகமானது. அதனால் நமது செயலி, பதிப்பு 9 உள்ள ஃபோனில் 'ஃபோன்வழி' என்ற தேர்வையே காட்டாது. இந்த நிபந்தனையைச் சொல்லாமல் விட்டால் நடக்கவே முடியாத ஒரு வரிசை பட்டியலில் வரும். டெஸ்டர் அதை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். அந்த வரிசையில் மட்டுமே இருந்த, நடக்கக்கூடிய மற்ற இணைகளும் அதோடு சேர்ந்து காணாமல் போகும்; அறிக்கையில் மட்டும் எல்லா இணைகளும் பார்க்கப்பட்டதாகவே இருக்கும்.

செயலி ஒரு வரிசையின் தொடக்கத்திலேயே நின்றுபோனாலும் இதே இழப்புதான். மூன்றாம் வரிசையில் திரை திறக்கும்போதே செயலி மூடிக்கொண்டால், அந்த வரிசையின் மற்ற தேர்வுகளோடு சேரும்போது மௌனத்தில் அறிவிப்பு சரியாக வருகிறதா என்பதை யாரும் பார்த்திருக்க முடியாது. பிழையைச் சரிசெய்த பிறகு அந்த வரிசையை முழுதாக மறுபடி ஓட்டினால்தான் அதன் ஆறு இணைகளும் கணக்கில் சேரும்.

இந்த முறையால் பார்க்கவே முடியாதவையும் உண்டு. ஒன்பது வரிசைகளில், எந்த மூன்று தேர்வுகளை எடுத்தாலும் அவற்றின் 27 மும்மைச் சேர்க்கைகளில் ஒன்பதுதான் இடம்பெறுகின்றன. அரபி, பெரியது, வெளிச்சம் மூன்றும் கூடினால் மட்டுமே வரும் பிழை இந்தப் பட்டியலின் கண்ணில் படாது. பெரிய எழுத்தில் அரபி இங்கே இருளோடு மட்டுமே வருகிறது. வரிசைமுறை சார்ந்த பிழைகளும் அப்படியே. செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது தமிழிலிருந்து அரபிக்கு மாற்றினால் பாதித் திரை பழைய பக்கமே நிற்கலாம். பட்டியல் இறுதி நிலையை மட்டுமே சொல்கிறது. எந்த நிலையிலிருந்து அங்கே வந்தோம் என்பதைச் சொல்வதில்லை. அதற்குத் தனிச் சோதனைகள் எழுதியாக வேண்டும்.

மும்மைகளையும் பிடிக்க வேண்டுமென்றால் பிக்டில் `/o:3` என்று சேர்த்தால் போதும். ஆனால் விலை ஏறும். தொடக்கத்தில் பார்த்த ஆண்ட்ராய்டு அமைப்புகளுக்கு இணைகள் வரை 29 சோதனைகள். மும்மைகள் வரை 137. நான்கு நான்காக 625. ஆறு வரை போனால் 9,168. அதனால் இதைப் பயன்படுத்துவோர் திரை முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைக்க வேண்டியதில்லை. மொழி, எழுத்தளவு, தோற்றம் மூன்றும் ஒரே பொத்தானை வரையும் நிரலைத் தொடுகின்றன. அவற்றை மட்டும் மும்மையாகவும், அறிவிப்பைப் போல விலகி நிற்பதை இணையாகவும் கேட்கப் பிக்ட் இடம் தருகிறது. எந்தத் தேர்வுகள் ஒரே நிரலைத் தொடுகின்றன என்பதை அந்தக் கருவியால் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் செட்டிங்ஸ் திரையை எழுதிய நிரலாளரிடம் டெஸ்டர் கேட்டுத் தெரிந்துகொண்டு கோப்பில் எழுத வேண்டிய செய்தி அது.