பயம், சிரிப்பு, கனவு: ஆயுள் காப்பீட்டை எந்தக் குரலில் விற்பது?

நம் வீடுகளில் சாவைப் பற்றி வாய் திறந்தால் “நல்ல வார்த்தை பேசு” என்று உடனே அதட்டல் வரும். அந்த வீட்டுக்குள் போய், “நீங்கள் இறந்துவிட்டால்?” என்று கேட்டாக வேண்டிய வேலை, ஆயுள் காப்பீட்டு விளம்பரம் எழுதுபவருடையது.

டெர்ம் பாலிசியை எடுத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயதுக்காரர், மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், மாதச் செலவு 40,000 ரூபாய். புகைப்பழக்கம் இல்லாத, உடல்நலமுள்ள அவருக்கு ஒரு கோடி ரூபாய்க்கான பிரீமியம் ஆண்டுக்கு 15,000 ரூபாயை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். குறித்த காலம்வரை அவர் உயிரோடு இருந்தால் சாதாரண டெர்ம் பாலிசியில் ஒரு பைசாவும் திரும்பாது. எழுதுபவருக்கு இருக்கும் பெரிய சிக்கலே அதுதான்.

முதலில் பயம். “நாளை நீங்கள் இல்லையென்றால் மகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார்?” வாசகரை நிறுத்தும் வரிதான். ஆனால் நிறுத்துவதும் கையெழுத்துப் போட வைப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தால் குழுவினர் செய்து 1965இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. டெட்டனஸ் நோயைப் பற்றி மாணவர்களுக்குக் கையேடுகள் கொடுத்தார்கள். சிலவற்றில் பயம் அதிகம், சிலவற்றில் குறைவு. அதிகம் பயந்தவர்கள் ஊசி முக்கியம் என்று உறுதியாகச் சொன்னார்கள், ஆனால் அதற்காகப் போய் ஊசி போட்டுக்கொண்டவர்கள் கூடவில்லை. சிலருக்கு மட்டும் சுகாதார மையம் குறிக்கப்பட்ட வரைபடத்தைக் கொடுத்து, வாரத்தில் எந்த நேரம் போக முடியும் என்று யோசிக்கவும் சொன்னார்கள். அவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். வரைபடம் கிடைக்காதவர்களில் போனது 3 சதவீதம்தான். பயமே ஊட்டாமல் வழியை மட்டும் காட்டியபோதும் பலன் இல்லை. கொஞ்சம் பயமும் வேண்டும், அடுத்த அடி எங்கே என்றும் தெரிய வேண்டும்.

வழி காட்டாத பயம் கோபமாகத் திரும்பும். 2015 சூப்பர் பவுல் ஆட்டத்தின்போது நேஷன்வைடு என்ற அமெரிக்க நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன், தான் சைக்கிள் ஓட்டக் கற்கப்போவதில்லை, திருமணம் செய்யப்போவதில்லை என்று அடுக்கிக்கொண்டே போய், விபத்தில் இறந்துவிட்டதாகச் சொல்வான். அது ஆயுள் காப்பீட்டை விற்ற விளம்பரமல்ல, வீட்டு விபத்துகளைப் பற்றிய எச்சரிக்கை. ஆனாலும் குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தவர்கள் கொதித்தார்கள். காப்பீட்டை விற்பது நோக்கமல்ல என்று நிறுவனம் விளக்க வேண்டியதாயிற்று.

கனவின் குரல் இதற்கு நேர் எதிர். “மகளின் கனவுக்குச் சிறகு கொடுங்கள்.” இந்த வரியிலிருந்து நிறுவனத்தின் பெயரை மறைத்துப் பாருங்கள். வங்கியும் சொல்லலாம், கல்லூரியும் சொல்லலாம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. கனவு என்றதும் கையில் வரும் பணம் நினைவுக்கு வருகிறது. டெர்ம் பாலிசியில் அது இல்லை. எனவே கனவு விளம்பரம் சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசியை நோக்கியே வாசகரை நகர்த்துகிறது. அங்கே காப்பீட்டுத் தொகை பல நேரம் ஆண்டு பிரீமியத்தின் 10 முதல் 20 மடங்குதான். நம் குடும்பம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டினால் கிடைப்பது 5 முதல் 10 லட்சம். மாதம் 40,000 செலவாகும் வீட்டுக்கு அது ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. வட்டியையும் விலைவாசியையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும் ஒரு கோடி இருபது ஆண்டுகளைத் தாண்டும். சிறகு என்ற சொல் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுவதால் அந்தக் குரலை நான் நம்புவதில்லை. எச்.டி.எஃப்.சி. லைஃப் கையாண்ட ‘தலைநிமிர்ந்து வாழ்’ என்ற பொருள்தரும் இந்தி முழக்கம் அதைவிட நேர்மையானது. அது செல்வத்தைக் காட்டவில்லை. யாரிடமும் கையேந்தாத நிலையைக் காட்டியது. காப்பீட்டால் அதைத் தர முடியும்.

சிரிப்பு சாவைத் தொட்டால் கெட்டது. தொட வேண்டியது நம் தள்ளிப்போடலை: “‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று சொல்லி மூணு தீபாவளி போயாச்சா?” இதில் யாரும் அவமானப்படவில்லை, வீட்டில் சத்தமாகப் படித்துக்காட்டவும் முடியும். ஆனால் சிரிப்பு விளம்பரங்களுக்கென்று ஒரு நோய் உண்டு: நகைச்சுவை நினைவில் நிற்கும், பொருள் மறந்துபோகும். கண்டுபிடிப்பது சுலபம். விளம்பரத்தைப் பார்த்தவரிடம் மறுநாள் “அது உங்களை என்ன செய்யச் சொன்னது?” என்று கேட்டால் போதும்.

இந்தக் குடும்பத்துக்கு எழுதச் சொன்னால் நான் சிரிப்பில் தொடங்கி, பயத்தை ஒரே வரியில் சொல்லி, வழியில் முடிப்பேன்:

“‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று மூணு தீபாவளி போயாச்சா? உங்கள் சம்பளம் நின்றால் வீடு எத்தனை மாதம் ஓடும்? இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். பன்னிரண்டால் பெருக்குங்கள், பிறகு இருபதால். அந்தத் தொகைக்கு டெர்ம் பிரீமியம் எவ்வளவு என்று திங்கட்கிழமை கேளுங்கள். காலம் முடியும்வரை நீங்கள் நலமாக இருந்தால் பணம் திரும்ப வராது.”

கடைசி வரியை நீக்கச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கும். நான் நீக்க மாட்டேன். அதைப் படித்துவிட்டு வாங்குபவர், இரண்டாம் ஆண்டு பிரீமியத்தையும் தயங்காமல் கட்டுவார்.