மிஸ், நீல இன்ஹேலர் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது

“பையனுக்கு ஆஸ்துமா இருக்கிறது. தேவைப்பட்டால் இன்ஹேலர் கொடுக்கவும்.” பள்ளி டைரியில் பெற்றோர் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடும். தேவைப்படுகிறது என்பதை வகுப்பு ஆசிரியை எப்படிக் கண்டுபிடிப்பார்? அதுவும் ஐப்பசி மழையில் பாதி வகுப்பு இருமிக்கொண்டிருக்கும்போது?

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்துமா திணறலைப் பெரும்பாலும் தொடங்கிவைப்பது சாதாரணச் சளிக் கிருமிதான். மற்ற பிள்ளைகளுக்கு மூக்கோடு போகிற சளி, இந்தப் பிள்ளைக்கு ஓரிரு நாளில் நெஞ்சுக்கு இறங்குகிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, மிச்சமிருக்கும் வழியையும் கோழை அடைக்கிறது. நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் தசையை மட்டும்தான் தளர்த்தும். சில நிமிடங்களிலேயே மூச்சு இலகுவாகிவிடும். ஆனால் அந்தச் சுகம் சுமார் நான்கு மணி நேரம்தான். வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைக்க வீட்டில் தினமும் இழுக்கும் தடுப்பு இன்ஹேலர் வேறு. அதற்குப் பள்ளியில் வேலையில்லை.

இப்போது பள்ளி நேரத்தைக் கணக்குப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வீட்டில் இழுத்த மருந்து மதியம் பன்னிரண்டு வாக்கில் தீர்ந்துபோகிறது. காலையில் சிரித்துக்கொண்டே வந்த பிள்ளை மதியத்துக்குள் சுருண்டு உட்கார்ந்தால், அது நடிப்பும் அல்ல, சோம்பலும் அல்ல. சளி பிடித்த வாரத்துக்கென்றே தனிக் குறிப்பு வேண்டும் என்பது இதனால்தான். மூன்றாம் வகுப்புச் சிறுவனின் அம்மா ஒருவர் அதை இப்படி எழுதலாம்:

“வணக்கம் மிஸ். தம்பிக்கு நேற்றிலிருந்து சளி. காலை எட்டு மணிக்கு 2 பஃப் கொடுத்திருக்கிறேன். விடாமல் இருமினாலோ, மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தாலோ, ‘நெஞ்சு இறுக்கமா இருக்கு’ என்று சொன்னாலோ, டாக்டர் எழுதிய தாளில் உள்ளபடி 2 பஃப் கொடுங்கள். இன்ஹேலரும் ஸ்பேசரும் பையின் முன் ஜிப்பில் இருக்கின்றன. கொடுத்த நேரத்தை டைரியில் குறித்துவிட்டு எனக்கு போன் செய்யுங்கள். சளி விடும்வரை பி.டி. பீரியடில் ஓட வேண்டாம்.”

ஸ்பேசர் என்பது இன்ஹேலரைச் செருகும் பிளாஸ்டிக் குழாய். அது இல்லாமல் சின்னப் பிள்ளை இழுத்தால் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் செருகி, ஒரே ஒரு பஃப் அடிக்க வேண்டும். பிள்ளை நான்கைந்து முறை நிதானமாக மூச்சு இழுத்து விட்ட பிறகு, மறுபடி குலுக்கி அடுத்தது. நேரம் மிச்சம் என்று இரண்டையும் சேர்த்து அடித்தால் உள்ளே போகும் மருந்து குறையும். கொடுத்தபின் கை லேசாக நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். அது மருந்தின் குணம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று குறிப்பிலேயே ஒரு வரி சேர்த்தால் ஆசிரியை பதற மாட்டார்.

தவறு நடப்பது பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான். பத்திரம் என்று இன்ஹேலரை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். சாவி வைத்திருப்பவர் அன்றைக்கு லீவு. வெந்நீர் கொடுத்துப் பெஞ்சில் படுக்க வைக்கிறார்கள். திணறும் பிள்ளைக்குப் படுத்தால் மூச்சு விடுவது இன்னும் கஷ்டம், நிமிர்ந்து உட்காருவதுதான் சரி. அடிக்கடி கொடுத்தால் ‘பழகிவிடும்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். இந்த மருந்து அப்படி அடிமையாக்குவதில்லை. அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் உள்ளே வீக்கம் கூடியிருக்கிறது என்று பொருள்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதைக் குறிப்பில் சிவப்பு மையில் எழுதலாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையிலும் கழுத்துக்குழியிலும் தோல் உள்ளே இழுபடுவது, உதடு நீலம் பாய்வது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். விசில் சத்தம் நின்றும் பிள்ளை சோர்ந்தே இருந்தால் அது தேறியதாக ஆகாது. காற்றே சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் முதலுதவியாகக் கற்றுத்தரும் முறை நினைவில் வைக்க எளிது: 4 பஃப், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு, 4 நிமிடம் காத்திருப்பு, தேறாவிட்டால் மறுபடி 4 பஃப். அதன் பிறகும் தேறாவிட்டால் ஆம்புலன்ஸ். அது வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை 4 பஃப். மேலே சொன்ன ஆபத்தின் அடையாளம் தெரிந்தாலோ காத்திருப்பே கிடையாது. உடனே நம்மூரில் 108-ஐ அழைத்துவிட்டு மருந்தைத் தொடங்க வேண்டும். பிள்ளையின் டாக்டர் வேறு அளவு எழுதியிருந்தால் அந்தத் தாள்தான் முதலில்.

டைரியில் நேரம் குறிக்கச் சொல்வதும் வீண் வேலை இல்லை. பன்னிரண்டரைக்கு ஒரு முறை, இரண்டு மணிக்கு மறுபடி என்று இருந்தால், மருந்து நான்கு மணி நேரம் தாங்கவில்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது முறை தேவைப்பட்ட உடனேயே ஆசிரியை போன் செய்வதும், பள்ளி விடும்வரை காத்திராமல் பிள்ளையை அன்றே டாக்டரிடம் காட்டுவதும் அந்தப் பதிவை வைத்துத்தான்.