பத்தில் ஏழு பந்து

‘மாணவர்கள் வாலிபால் கற்றுக்கொள்வார்கள்’ என்று பாடத்திட்டத்தில் எழுதினால், கற்றார்களா என்று எப்படிச் சொல்வது? இப்படி எழுதலாம்: ‘3 மீட்டர் தள்ளி நிற்கும் தோழர் மெதுவாக வீசும் 10 பந்துகளில் 7-ஐயாவது, முழங்கையை மடக்காமல், முன்கைகளால் அவரிடமே திருப்பி அனுப்புவார்.’ தோழர் ஓரடிக்கு மேல் நகராமல் பிடித்தால்தான் கணக்கு.

இலக்கு இதுவென்றால் பயிற்சியும் இருவர் இருவராக வீசி அடிப்பதே. ஆறு பேர் அணி ஆட்டம் விட்டால் சிலருக்குப் பந்தே வராது. மதிப்பீட்டிலும் அதே 10 பந்துகள்தான். வெற்றி தோல்விக்கு மதிப்பெண் இல்லை. எண்ணிக்கையோடு முழங்கையையும் குறிக்க வேண்டும். ஐந்தோடு நின்ற மாணவிக்குக் கை மடங்கியிருந்தால், அடுத்த வகுப்பில் திருத்த வேண்டியது அதைத்தான்.